கீசருக்குள் கரையும் கம்பி

கீசரின் அடிமூடியைக் கழற்றினால் உள்ளே வட்டமான ஓர் இரும்புத் தகடு தெரியும். மெக்கானிக்குகள் அதை ஃபிளாஞ்ச் என்பார்கள். சுற்றியுள்ள நட்டுகளைத் தளர்த்தி, காஸ்கெட்டை விட்டு அந்தத் தகடு விலகியதும் மிச்சத் தண்ணீரோடு சேர்ந்து சுண்ணாம்புச் சேறு பொத்தென்று விழுகிறது. போர் தண்ணீர் ஓடும் வீடு என்றால் அரை வாளிகூடச் சேரும். தகட்டோடு மூன்று பொருள்கள் வெளியே வருகின்றன: வெள்ளைக் கட்டி அப்பிய எலிமெண்ட், தெர்மோஸ்டாட் செருகும் குழாய், அவற்றின் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி.

மெக்கானிக் எலிமெண்டைச் சுரண்டத் தொடங்குவார். வீட்டுக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் கம்பியை யாரும் கவனிப்பதில்லை. “இது கரைஞ்சுபோச்சு சார், வேஸ்ட்” என்று முறுக்கி எடுத்துவிட்டு, புதிதாக எதையும் போடாமல் மூடுகிறவர்களும் உண்டு. ஆனால் கீசர் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது பெரும்பாலும் அந்தக் கம்பியைப் பொறுத்தது. உப்புப் படிவு கெடுப்பது எலிமெண்டை. அது சில நூறு ரூபாயில் மாற்றக்கூடிய உதிரிபாகம். கம்பி இல்லாமல் போனால் கெடுவது தொட்டி. உள்ளிருந்து துருவேறி ஓட்டை விழுந்த தொட்டியை ஒட்ட முடியாது, பற்றவைக்கவும் முடியாது. பற்றவைக்கும் சூட்டில் உட்பூச்சு உதிர்ந்துவிடும். அப்புறம் புதுக் கீசர்தான்.

முதலில் படிவின் கதை. மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. லேசான புளிப்பேறிய அந்த நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகச் சுமந்து வருகிறது. குளிர்ந்த நீரில் அது கண்ணுக்குத் தெரியாது. சூடாக்கினால் வாயு வெளியேறுகிறது. கரைந்திருக்க வழியில்லாமல் சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிறது. சர்க்கரையும் சமையல் உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு: சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். ஆகவே தொட்டியிலேயே மிகச் சூடான இடம் எதுவோ அங்கேதான் அது முதலில் உட்காரும். அந்த இடம் எலிமெண்டின் மேல்தோல்.

இதைப் பேச்சில் “உப்புப் படிஞ்சிருக்கு” என்கிறோம். நாக்கில் கரிக்கும் உப்பு கீசரில் படிவதில்லை. அது கரைந்தபடியே குழாய் வழியாகப் போய்விடும். படிவது கடினத்தன்மை எனப்படும் கால்சியம், மெக்னீசியத்தின் ஒரு பகுதி. கையடக்க டிடிஎஸ் மீட்டரை வாளியில் முக்கி 900 என்று பார்த்ததும் பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த எண் கரைந்துள்ள எல்லாவற்றையும் சேர்த்த மதிப்பீடு. அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று அது சொல்லாது. அதற்குக் கடினத்தன்மைச் சோதனை தனியாகச் செய்ய வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களில் செய்து தருவார்கள். துளித்துளியாக மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சிறிய கிட்டும் கடைகளில் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர், 25 லிட்டர் கீசர், போர் தண்ணீர், கடினத்தன்மை 400. ஒரு நாளைக்குக் கீசர் வழியாக 60 லிட்டர் போகிறது. கடினத்தன்மை முழுவதும் படியாது; வெப்பநிலையையும், தண்ணீர் எவ்வளவு நேரம் சூடாக நிற்கிறது என்பதையும் பொறுத்து ஒரு பங்குதான் தங்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் தங்குவதாக வைத்துக்கொண்டால் நாளைக்கு 3 கிராம். ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் இதே கீசர் இருந்தால் அடியில் அநேகமாக ஒரு மெல்லிய பூச்சுதான் இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியது என்றாலும் இரண்டுக்கும் ஒரே சர்வீஸ் அட்டவணை பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

படிவால் கரண்டு பில் எகிறும் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அடியிலிருந்து நெருப்பு எரியும் கேஸ் ஹீட்டருக்கு அது உண்மை. கல் படலம் சூட்டைத் தடுக்க, மிச்ச வெப்பம் புகையோடு வெளியே போய்விடும். மின் கீசரில் எலிமெண்ட் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. படலம் எவ்வளவு தடித்தாலும் அந்த வெப்பத்துக்குத் தண்ணீரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அமெரிக்காவின் பேட்டல் ஆய்வு நிறுவனம் 2009-இல் கடின நீரை வைத்துச் செய்த சோதனையிலும் மின் கீசர்களின் திறன் குறையவில்லை. கேஸ் ஹீட்டர்களின் திறன்தான் சரிந்தது.

அப்படியானால் மின் கீசரில் சேதம் எங்கே? எலிமெண்டின் உடம்பில். வெளியே செம்பிலோ இன்கலாய் என்னும் கலப்பு உலோகத்திலோ ஆன குழல். நடுவில் சுருள்கம்பி. இரண்டுக்கும் இடையே மின்சாரம் கசியாமல் காக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள். மேலே கல் போர்த்தியதும் அதே வெப்பத்தை வெளியே தள்ளக் குழல் முன்பைவிட அதிகம் சூடேற வேண்டியிருக்கிறது. நாளும் இப்படிச் சூடேறி ஆறினால் ஒரு நாள் குழல் வெடிப்பு விடும். தண்ணீர் உள்ளே புகுந்து தூள் ஈரமாகும். கீசர் ஸ்விட்சைப் போட்டதுமே வீட்டின் ஆர்சிசிபி விழுந்துவிடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அதைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளிவிட்டுக் குளிக்கப் போவது உயிரோடு விளையாடுவது. ஆர்சிசிபியே இல்லாத வீட்டில் இந்தக் கசிவைச் சொல்வதற்கு ஆள் இல்லை. அங்கே எர்த் இணைப்பு ஒன்றுதான் காவல்.

இந்தக் கட்டத்துக்கு முன்பே கீசர் சத்தம் போடத் தொடங்கியிருக்கும். கல்லுக்கு அடியில் சிக்கிய நீர் கொதித்து வெடிக்கும் பொரிச்சல் சத்தம் அது. ஷவர் தலையில் வெள்ளை மணல் சிக்குவதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. தெர்மோஸ்டாட் குழாயும் படிவில் புதைந்துபோனால் அதற்குத் தண்ணீரின் உண்மையான சூடு தெரியாது. நேரத்துக்கு முன்பே அணைந்து வெதுவெதுப்பாக நின்றுவிடும், அல்லது தாமதமாக அணையும்.

இனி அந்தக் கம்பி. கடைகளில் ஆனோடு ராடு என்றும் மெக்னீசியம் ராடு என்றும் கேட்டால் தருவார்கள். நடுவில் மெல்லிய இரும்புக் கம்பி, அதைச் சுற்றி விரல் தடிமனில் மெக்னீசியம். ஒரு முனையில் மரை இருக்கும். தகட்டில் திருகி மாட்டுவதற்கு.

பெரும்பாலான கீசர் தொட்டிகள் சாதாரண இரும்புத் தகட்டில் செய்து உட்புறம் கண்ணாடி போன்ற எனாமல் பூசப்பட்டவை. அந்தப் பூச்சில் துரு ஏறாது. ஆனால் எங்குமே ஊசித்துளை இல்லாத பூச்சு என்று ஒன்று இல்லை. பற்றவைத்த தையலிலும் குழாய் சேரும் விளிம்பிலும் இரும்பு எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். சூடான, ஆக்சிஜன் கலந்த, உப்புள்ள நீர் அங்கே வேலையைத் தொடங்கும். மெக்னீசியம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீரில் நின்று, உலோகத்தால் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அரிமானம் மெக்னீசியத்தின் பக்கம் போய்விடும். அது கரையும், அதுவரை இரும்பு நிற்கும்.

இது புதிய யோசனை அல்ல. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் போர்த்திய செம்புத் தகடு கடல்நீரில் அரித்துப்போவதைத் தடுக்க, ஹம்ஃப்ரி டேவி 1824-இல் செம்போடு இரும்புத் துண்டுகளைச் சேர்த்துப் பொருத்திப் பார்த்தார். செம்பு தப்பியது, இரும்பு கரைந்தது. ஆனால் கரைந்த செம்புதான் அதுவரை கடலுயிரிகளை விரட்டிவந்திருக்கிறது. அரிமானம் நின்றதும் கப்பல் அடியில் அவை அடை அடையாக ஒட்டிக்கொண்டன. கப்பலில் கைவிடப்பட்ட அந்த ஏற்பாடு குளியலறையில் எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை செய்கிறது.

எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை முடிவுசெய்வது கடினத்தன்மை அல்ல, தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு. அதாவது, சற்று முன்பு ஒதுக்கிவைத்த அந்த டிடிஎஸ் எண் இங்கேதான் பயன்படுகிறது. படிவுக்குக் கடினத்தன்மையைப் பார்க்க வேண்டும், ராடுக்கு டிடிஎஸ் பார்க்க வேண்டும். கடலோரப் பகுதியில் கரிக்கும் தண்ணீர் ஏறும் வீடுகளில் ராடு சீக்கிரம் தீர்வது இதனால்தான்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. படிவு நின்றுவிடும். ஆனால் தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவு ஏறத்தாழ அப்படியே இருக்கும். ராடு கரைவதும் நிற்காது. ராடின் மேல் கல் படிந்து மறைப்பதும் இல்லாததால் இன்னும் வேகமாகவே கரையக்கூடும். கீசரில் சத்தம் இல்லை, ஷவரில் மணல் இல்லை, எலிமெண்டும் நன்றாக ஓடுகிறது. யாரும் மூடியைத் திறக்கவே மாட்டார்கள். ஒரு நாள் வெந்நீர் செம்பழுப்பாக வரும்போதுதான் விஷயம் தெரியும். அதே குழாயில் பச்சைத்தண்ணீர் தெளிவாகவும் வெந்நீர் மட்டும் பழுப்பாகவும் வந்தால், துருவின் ஊற்று தொட்டிக்குள்தான் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த நேரத்தில் ராடு மாற்றினால் மிச்சத்தைக் காக்கலாம். போன இரும்பு திரும்பாது.

செம்புத் தொட்டி, பிளாஸ்டிக் உட்தொட்டி உள்ள கீசர்களில் பொதுவாக ராடு இருக்காது. எஃகுத் தொட்டிகளில் மாடலைப் பொறுத்தது. கீசரோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

சர்வீஸுக்கு வருவோம். இங்கே சுவரில் தொங்கும் கீசர்கள் பலவற்றில் எலிமெண்டும் ராடும் ஒரே தகட்டில்தான் இருக்கின்றன. ஒன்றைப் பார்க்கத் திறந்தால் மற்றதும் கைக்கு வந்துவிடும். இரண்டு வேலைக்குத் தனித்தனியாகக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. மின்சாரம் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் தெரிந்த எலக்ட்ரீஷியனோ மெக்கானிக்கோ செய்வதுதான் முறை. ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் இரவே கீசரை அணைத்துவிட்டால் காலையில் தொட்டி ஆறியிருக்கும். எம்சிபியை இறக்கி, டெஸ்டரால் பார்த்து, தண்ணீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் மட்டும் தொட்டி காலியாகாது. வெந்நீர் வெளியேறும் குழல் தொட்டியின் மேல்மட்டத்திலிருந்து எடுக்கிறது. ஆகவே தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் உள்ள சேஃப்டி வால்வைக் கழற்றினால்தான் அந்த வழியாக முழுவதும் இறங்கும். அடுத்து அடிமூடி. ஒயர்களைப் பிரிக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது மெக்கானிக்குக்கும் உதவும். தகட்டின் நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்த வேண்டும். கீழே வாளி இருக்க வேண்டும்.

தொட்டிக்குள் மிச்சமிருக்கும் கட்டிகளைக் கையாலோ மரக்கரண்டியாலோ எடுக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரை விட்டுக் குத்தினால் எனாமல் சிதறும். சிதறிய இடத்தில் ராடுக்குச் சுமை ஏறும். எலிமெண்டையும் சுத்தியால் தட்டக் கூடாது. மெக்கானிக் டாய்லெட் ஆசிட்டை எடுத்தால் அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பை நிமிடத்தில் கரைக்கும் என்பது உண்மைதான். கூடவே இரும்பையும் தின்னும். எலிமெண்டின் குழலில் குழி விழ வைக்கும். மூடிய குளியலறையில் அதன் ஆவி மூச்சை அடைக்கும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம் போதும். லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் போட்டு எலிமெண்டை ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் நுரை பொங்கிக் கல் விட்டுக்கொடுக்கும். மின் இணைப்பு முனைகள் நனையக் கூடாது. கரைசலைக் கொதிக்கவைக்கவும் கூடாது. கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரையாமல் வேறொரு வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். ராடை முன்பே கழற்றி எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அமிலம் மெக்னீசியத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் தின்னத் தொடங்கிவிடும். இன்னொரு கணக்கையும் மனதில் வைக்கலாம்: 100 கிராம் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்க ஏறக்குறைய 130 கிராம் சிட்ரிக் அமிலம் தேவை. ஆண்டுக்கு ஒரு கிலோ சேரும் வீட்டில் எல்லாவற்றையும் அமிலத்தால் கரைக்க நினைப்பது வீண். கட்டிகளை அள்ளி வெளியே போட்டுவிட்டு, ஒட்டிக்கொண்டிருப்பதற்கு மட்டும் அமிலம் வைக்க வேண்டும். ராடை மாற்றாமல், தொட்டிக்குள் அமிலக் கரைசலை ஊற்றி மட்டும் சர்வீஸ் முடிக்கிறேன் என்பவரை அனுப்பிவிடுவது நல்லது.

எலிமெண்ட் காய்ந்ததும் மீட்டரில் பார்க்க வேண்டும். 2 கிலோவாட் எலிமெண்ட் என்றால் இரு முனைகளுக்கு இடையே 26 ஓம் அளவில் காட்டும். முனைக்கும் வெளிக்குழலுக்கும் இடையே இணைப்பே இருக்கக் கூடாது; மெக்கர் வைத்துப் பார்த்தால் இன்னும் உறுதி. இதில் தவறினால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எலிமெண்டை மாற்றத்தான் வேண்டும்.

ராடைப் பற்றிய முடிவு கண்ணாலேயே எடுக்கக்கூடியது. தடிமன் பாதிக்கும் கீழே போய்விட்டாலோ, நடுவிலுள்ள இரும்புக் கம்பி எங்காவது தெரிந்தாலோ மாற்ற வேண்டும். மேடுபள்ளமாக, குழி விழுந்து இருப்பது நல்ல அறிகுறி. அது வேலை செய்திருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு ஓடிய கீசரில் ராடு புத்தம்புதிதாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஒன்று, கல் அதை முழுக்கப் போர்த்திவிட்டது. அல்லது மரைப்பகுதியில் துருவோ அழுக்கோ புகுந்து உலோகத் தொடர்பு அறுந்துவிட்டது. தொடர்பு இல்லாத ராடு சும்மா நிற்கும், தொட்டி கரையும். ஆகவே புதிய ராடைப் போடும்போது மரையைத் துடைத்துச் சுத்தம் செய்து, வெறும் உலோகத்தின் மேல் உலோகம் அமர இறுக்க வேண்டும். டெஃப்லான் டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றக் கூடாது.

காஸ்கெட்டை ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுவது மேல். பழையதையே போட்டு ஒரு வாரம் கழித்துச் சொட்டினால் அந்தத் தண்ணீர் ஒயர் இருக்கும் இடத்தில்தான் இறங்கும். நட்டுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கி, தண்ணீர் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்றுக் கொப்பளிப்பு நின்று முழு வேகத்தில் தண்ணீர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஸ்விட்ச் போட்டால், காற்றில் நிற்கும் எலிமெண்ட் சில நிமிடங்களிலேயே எரிந்துவிடும்.

சேஃப்டி வால்வையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது கிட்டத்தட்ட 350 மில்லி பெருகுகிறது. அந்தக் கூடுதல் நீர் வால்வு வழியாகச் சொட்டத்தான் செய்யும். சொட்டுகிறதே என்று அதை அடைப்பவர்கள் தொட்டியின் ஒரே வடிகாலை அடைக்கிறார்கள். வால்வுக்குள்ளும் சுண்ணாம்பு ஏறும்; நெம்புகோல் அசையவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? கடினத்தன்மை 200-க்குள் உள்ள ஆற்று நீர், ஏரி நீர் வரும் வீட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திறந்தால் போதும். 300 முதல் 600 வரையிலான போர் தண்ணீருக்கு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் போனால், அல்லது தண்ணீர் வாயில் கரித்தால், ஆறு மாதம். சாஃப்ட்னர் உள்ள வீட்டில் படிவு இல்லை என்றாலும் ராடுக்காக ஆண்டுக்கு ஒருமுறை. புதுக் கீசரை எந்தத் தண்ணீராக இருந்தாலும் முதல் ஆண்டு முடிவில் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் சரியான தொடக்கம். ஓராண்டில் ராடு கால்வாசி கரைந்திருந்தால் அடுத்த ஆண்டு பார்க்கலாம். பாதி போயிருந்தால் ஆறு மாதத்திலேயே அடுத்த ராடு. தெர்மோஸ்டாட்டை 75-இல் வைத்திருப்பவர்கள் 55-60க்கு இறக்கினால் படிவும் குறையும், ராடு கரைவதும் குறையும். வாரண்டி காலம் ஓடிக்கொண்டிருந்தால் கம்பெனி ஆளை அழைத்தே திறக்க வேண்டும். வெளியாள் திறந்த கீசருக்குத் தொட்டி வாரண்டியை மறுக்க வாய்ப்புண்டு.

சில வீடுகளில் வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வரும். நீரில் உள்ள சல்ஃபேட்டை உண்ணும் நுண்ணுயிர்கள், மெக்னீசியம் கரையும்போது எழும் ஹைட்ரஜனைப் பயன்படுத்திக்கொண்டு உண்டாக்கும் வாயு அது. தீர்வாகச் சிலர் ராடையே எடுத்துவிடுகிறார்கள். நாற்றம் போகும், தொட்டியும் போகும். அதற்குப் பதில் தொட்டியைக் குளோரின் கலந்த நீரால் கழுவிவிட்டு, துத்தநாகம் கலந்த அலுமினிய ராடைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே ஹைட்ரஜன் காரணமாக, இரண்டு வாரத்துக்கு மேல் பூட்டியிருந்த வீட்டுக்குத் திரும்பியதும் ஸ்விட்சைத் தொடும் முன் வெந்நீர்க் குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, பக்கத்தில் தீ எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ராடு வாங்கக் கடைக்குப் போகும்போது பழைய கம்பியைக் கையில் கொண்டுபோக வேண்டும். மரையின் அளவும் நீளமும் மாடலுக்கு மாடல் மாறும். சற்று நீளமான ராடு எலிமெண்டில் இடிக்கும். மாற்றிய தேதியையும் பழைய ராடில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதையும் மார்க்கர் பேனாவால் அடிமூடியின் உட்புறத்திலேயே எழுதிவைத்தால், அடுத்த முறை வரும் மெக்கானிக் வேறு ஆளாக இருந்தாலும் அவருக்கு வேண்டிய கணக்கு அங்கேயே இருக்கும்.